மார்ச்சில் விற்றது யாருக்கு?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் ஆண்டுதோறும் சளைக்காமல் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒருவகை உண்டு. ஏதேனும் ஒரு மாவட்டம், நூறோ இருநூறோ விநியோகஸ்தர்களும் கடைக்காரர்களும், ஐந்து படி அளவுகோல் கொண்ட ஒரு வினாப்பட்டியல். நிறுவனம் அளிக்கும் சலுகைகள் விற்பனையை உயர்த்துகின்றனவா என்று அது கேட்கும். பெரும்பாலோர் 'உடன்படுகிறேன்' என்பதற்கு நேரே குறியிடுவர். அதன்மேல் ஒரு கை-வர்க்கச் சோதனை நடத்தப்படும். சலுகைகள் விற்பனையைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்துகின்றன என்று ஐந்தாம் இயல் முடியும். வாய்மொழித் தேர்வில் எவரும் தடை எழுப்புவதில்லை.

பதிலளித்த வணிகர் எவரும் பொய் சொல்லவில்லை. பிழை கேள்வியில் இருக்கிறது. விற்பனை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. நிறுவனம் விநியோகஸ்தருக்கு விற்பது முதலாவது. அதை வணிகத்தில் பிரைமரி என்பர். விநியோகஸ்தர் கடைக்கு விற்பது செகண்டரி. கடையில் காசு கொடுத்து ஒரு பெண் பிஸ்கட் பொட்டலத்தை வாங்கிச் செல்வது மூன்றாவது. முதலிரண்டுக்கும் பில் உண்டு. மூன்றாவதற்கு, நாட்டின் மளிகைக் கடைகளில் பெரும்பாலானவற்றில், பில்லே கிடையாது. சலுகை அறிவித்ததும் தம் கொள்முதல் கூடியதை விநியோகஸ்தர் அறிவார். அதையே அவர் வினாப்பட்டியலில் குறிக்கிறார். ஆய்வாளர் அதை மூன்றாவது நிகழ்வைப் பற்றிய சான்றாகப் படிக்கிறார். சரக்கு ஒரு கிடங்கிலிருந்து மற்றொரு கிடங்குக்கு நகர்ந்ததை நுகர்வு என்று பெயரிட்டு, அதற்குப் பட்டமும் வழங்குகிறோம்.

நிறுவனங்களின் உள்ளறிக்கைகள் செய்வதும் இதுவேதான். அவற்றுக்குக் காரணம் உண்டு. மாத இலக்கு பிரைமரியில் எழுதப்பட்டிருக்கிறது. விற்பனை மேலாளரின் ஊக்கத்தொகையும் அதில்தான் தொங்குகிறது. அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லாத பல்கலைக்கழகம் ஏன் அதே கண்ணாடியை அணிந்துகொள்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. போக்கு மட்டும் இத்துறையில் உழன்ற எவருக்கும் பழகியது. நாக்பூரில் ஒரு பிஸ்கட் விநியோகஸ்தர் இருக்கிறார் என்று கொள்வோம். மாதந்தோறும் 1000 பெட்டி எடுக்கிறார். பெட்டி ஒன்றின் விலை 1000 ரூபாய். ஒவ்வொரு பெட்டியிலும் உற்பத்திச் செலவு போக நிறுவனத்துக்கு 250 ரூபாய் மிஞ்சுகிறது. மார்ச்சில் பெட்டிக்கு 50 ரூபாய் தள்ளுபடி அறிவிக்கப்படுகிறது. அம்மாதம் அவர் 1500 பெட்டி எடுக்கிறார். ஏப்ரல் முதல் வாரத்தில் தலைமை அலுவலகத்துக்குச் செல்லும் அறிக்கை, விற்பனை 50 சதவீதம் உயர்ந்தது என்று கூறும். கூடுதலான 500 பெட்டிகளால் கிடைத்தது 1,25,000 ரூபாய். 1500 பெட்டிக்கும் கொடுத்த தள்ளுபடி 75,000 ரூபாய். ஆகவே நிகர ஆதாயம் 50,000 ரூபாய். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

ஏப்ரலில் அதே விநியோகஸ்தர் 700 பெட்டி எடுக்கிறார். மே மாதத்தில் 850. ஜூனில் பழைய 1000-க்குத் திரும்புகிறார். மார்ச் முதல் மே வரை மூன்று மாதங்களையும் சேர்த்தால் 3050 பெட்டி. சலுகையே இல்லாதிருந்தால் 3000 போயிருக்கும். உண்மையான உயர்வு 500 அன்று, 50. அதனால் கிடைத்தது 12,500 ரூபாய். செலவு அதே 75,000. ஆதாயமாகக் காட்டப்பட்ட 50,000 ரூபாய், 62,500 ரூபாய் நட்டமாக மாறுகிறது. மாறியது ஒன்றே: மேலும் இரண்டு மாதம் காத்திருந்து பார்த்தோம்.

காத்திருப்பது அவ்வளவு எளிதன்று. மார்ச் 31 அன்று நிதியாண்டு முடிகிறது. மார்ச்சின் ஏற்றம் ஓராண்டின் அறிக்கையிலும், ஏப்ரலின் இறக்கம் அடுத்த ஆண்டின் அறிக்கையிலும் போய் அமர்கின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நிர்பந்தம் எவருக்கும் இல்லை. ஏப்ரலின் சரிவுக்கு வெயில், தேர்வுக் காலம், போட்டி நிறுவனத்தின் அடாவடி என்று வேறு காரணங்கள் தயாராக இருக்கும்.

இதில் விநியோகஸ்தரைக் குறைசொல்ல இடமில்லை. அடுத்த மாதம் 1000 ரூபாய்க்கு வாங்க வேண்டிய பொருளை இன்றே 950-க்கு வாங்குகிறார். கடன் வாங்கி வாங்கினாலும், மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி என்றால் பெட்டிக்குச் சுமார் பத்து ரூபாய்தான். இரண்டு மாதம் கிடங்கில் வைத்திருந்தாலும் அவருக்கு மிச்சம். கையிருப்பை முன்கூட்டி வாங்கிக் குவிப்பது அறிவுள்ள எந்த வணிகரும் செய்வதே. விலை ஏற்ற இறக்கத்தால் எழும் இந்த முன்கொள்முதலை, வழங்கல் சங்கிலியில் தேவை பற்றிய செய்தி திரிவதற்கான நான்கு காரணங்களுள் ஒன்றாக ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் 1997-இலேயே எழுதிவிட்டனர். அக்கட்டுரை நம் பாடத்திட்டங்களில் இருக்கிறது. வழங்கல் சங்கிலித் தாளில் அதைப் படித்து மதிப்பெண் பெறும் மாணவர், விற்பனை மேம்பாட்டுத் தாளின் ஆய்வேட்டுக்கு வரும்போது அதை மறந்துவிடுகிறார். இரண்டு தாள்களுக்கும் இரண்டு பேராசிரியர்கள் என்பது தவிர இதற்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

மிஞ்சிய அந்த 50 பெட்டியையாவது உயர்வு என்று நம்பலாமா? அதுவும் உறுதியில்லை. நாக்பூரில் இத்வாரி என்ற பெரிய மொத்தச் சந்தை இருக்கிறது. தள்ளுபடியில் எடுத்த சரக்கை விநியோகஸ்தர் தம் எல்லைக்குட்பட்ட சிறு கடைகளுக்கு மட்டுமே கொடுப்பார் என்பது ஒப்பந்தத்தின் எதிர்பார்ப்பு. மாதக் கடைசியில் இலக்கு எட்ட வேண்டிய நெருக்கடியில், ஐம்பது பெட்டியை ஒரே பில்லில் மொத்த வியாபாரியிடம் தள்ளிவிடுவது எளிது. அவர் தமக்குக் கிடைத்த தள்ளுபடியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அதை வார்தாவுக்கோ பண்டாராவுக்கோ அனுப்புவார். அங்குள்ள விநியோகஸ்தரின் சரக்கு விலை அதிகமாகத் தோன்றும். அவருடைய விற்பனை குறையும். நாக்பூரின் கணக்கில் 50 பெட்டி உயர்வு, வார்தாவின் கணக்கில் 50 பெட்டி தாழ்வு. நாக்பூரை மட்டும் பார்க்கும் ஆய்வு இதை ஒருபோதும் காணாது. எனவே சலுகை நடந்த ஊரை மதிப்பிடும்போது சரக்கு கசியக்கூடிய பக்கத்து ஊர்களின் எண்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எவ்வூரோடு ஒப்பிடுவதோ, அது கசிவு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். வார்தாவையே ஒப்பீட்டு ஊராகக் கொண்டால் பிழை இருமடங்காகும்: இங்கே ஏறியதும் அங்கே இறங்கியதும் சேர்ந்து 100 பெட்டி உயர்வாகத் தெரியும்.

பிரைமரியை விட்டுச் செகண்டரியைப் பார்த்தால் போதுமே என்று சிலர் கூறுவர். இப்போது விநியோகஸ்தர்களிடம் கணினிப் பில் இருக்கிறது. கடைவாரியாகத் தரவு நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது. நல்ல முன்னேற்றந்தான். ஆனால் அத்தரவும் இலக்கு நெருக்கடிக்கு ஆட்பட்டது. மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாட்களில் கடைகளின் பெயரில் பில் போட்டு, சரக்கைக் கிடங்கிலேயே வைத்திருந்து, அடுத்த மாதம் முதல் வாரத்தில் அதைத் திரும்பிய சரக்காகப் பதிவது அரிய வழக்கமன்று. இதைக் கண்டறியப் புள்ளியியல் மேதைமை தேவையில்லை. மாத விற்பனையில் கடைசி மூன்று நாளின் பங்கு எவ்வளவு, அடுத்த முதல் வாரத்தில் திரும்பியது எவ்வளவு என்ற இரு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால், அந்தச் செகண்டரியும் காகிதத்தில் நடந்ததே.

சலுகை நுகர்வோரை எந்த வழியாகச் சென்றடையும் என்பதை எவரும் கேட்பதில்லை என்பது இன்னும் வியப்பானது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடி பற்றிய ஆய்வுகளில் அவ்வழி தெளிவு. தள்ளுபடியில் ஒரு பகுதியை அங்காடி விலைக்குறைப்பாக வாடிக்கையாளருக்குத் தரும். விலை குறைந்தால் கூடுதலாக வாங்குவர். நம் மளிகைக் கடையில் பத்து ரூபாய் பிஸ்கட்டின் மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறது. வாங்குபவர் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறார். கடைக்காரர் பொட்டலத்தைத் தருகிறார். மேலே எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் அப்பரிமாற்றத்தில் ஐம்பது காசுகூடக் குறைவதில்லை. அப்படியானால் நுகர்வு உயர இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. முன்பு சரக்கில்லாத கடையில் சரக்கு இருக்க வேண்டும். அல்லது, இருக்கும் சரக்கு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இவ்விரண்டையும் கடைக்குள் போய்த்தான் அளக்க முடியும். மேற்குலக ஆய்வுகளின் விலை நெகிழ்ச்சிச் சமன்பாட்டை அப்படியே எடுத்து நம் மாவட்டத் தரவில் பொருத்தும் ஆய்வேடுகள், இல்லாத விலைக்குறைப்பின் விளைவை நான்கு தசம இடம்வரை கணித்துக்கொண்டிருக்கின்றன.

கண்ணில் படச் செய்வதற்குத்தான் டிஸ்ப்ளே தொகை. கடை முகப்பில் ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கினால் மாதம் 300 ரூபாய் என்று கொள்வோம். பொட்டலத்துக்கு நிறுவனத்தின் மிச்சம் இரண்டு ரூபாய். அப்படியானால் அத்தொகை தன்னை ஈட்டிக்கொள்ள, கடை ஒவ்வொன்றும் மாதத்துக்கு 150 பொட்டலம் கூடுதலாக விற்க வேண்டும். வாரத்துக்குச் சுமார் 35. இந்த எண்ணை முதலில் எழுதிவைத்துக்கொண்டு மேலே செல்வது நல்லது.

வழக்கமான மதிப்பீடு எப்படி நடக்கிறது? தொகை பெறும் கடைகள் வாரம் 50 பொட்டலம் விற்கின்றன; மற்றக் கடைகள் சராசரியாக 15 விற்கின்றன; வேறுபாடு 35; டிஸ்ப்ளே தன் செலவை ஈட்டிவிட்டது. ஆனால் அக்கடைகள் எவ்வாறு தேர்வாயின? பேருந்து நிலையம், பள்ளி வாயில், சந்தி முனை ஆகிய இடங்களில் முன்பே வாரம் 40 பொட்டலம் விற்றவை என்பதால்தான் விற்பனைப் பிரதிநிதி அவற்றைத் தேர்ந்தார். ஆகவே வேறுபாட்டின் பெரும்பகுதி அலமாரித் தட்டுக்கு முன்பே அங்கு இருந்தது.

ஒழுங்கான வழி இது. தகுதியுள்ள 120 கடைகளை முதலில் பட்டியலிட வேண்டும். அவற்றுள் 60-ஐச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து தொகை கொடுக்க வேண்டும். மற்ற 60 கடைகளையும் அதே கவனத்தோடு அளக்க வேண்டும். அளப்பது கொள்முதலை அன்று. தொடக்க இருப்பு, இடையில் வாங்கியது, இறுதி இருப்பு மூன்றையும் எண்ணி, முதலிரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் கிடைப்பதே கடையை விட்டு வெளியேறிய அளவு. இந்தக் கழித்தல் ஏன் இன்றியமையாதது என்றால், புதிய தட்டை நிரப்பவே அறுபது பொட்டலம் வேண்டும். தட்டு நிறைந்த வாரத்தில் கொள்முதல் பாயும். ஒரு பொட்டலமும் விற்காவிட்டாலும் பாயும். பில்லை மட்டும் பார்ப்பவருக்கு அது விற்பனை.

இவ்வாறு எண்ணிப் பார்த்ததில் தொகை பெற்ற கடைகள் வாரம் 40-இலிருந்து 50-க்கு ஏறின என்று கொள்வோம். பெறாத கடைகளும் பள்ளி திறந்த பருவத்தில் 40-இலிருந்து 46-க்கு ஏறியிருந்தால், டிஸ்ப்ளேயின் பங்கு வாரம் நான்கு பொட்டலம். மாதத்துக்குப் பதினேழு. கிடைப்பது சுமார் 35 ரூபாய், கொடுத்தது 300 ரூபாய். உயர்வு பொய்யன்று, அது உண்மையாகவே இருக்கிறது. புள்ளியியல் சோதனையிலும் தேறக்கூடும். குறிப்பிடத்தக்க உயர்வு என்று எழுதிவிட்டு ஆய்வேட்டை மூடினால், எட்டில் ஒரு பங்குகூட மீளாத செலவுக்கு நற்சான்று வழங்கியதாகும்.

இதிலும் வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒரே தெருவில் ஒரு கடைக்குத் தட்டும் எதிர்க்கடைக்கு இன்மையும் இருந்தால், எதிர்க்கடையில் வாங்கியவர் இங்கு வந்து வாங்கியதே உயர்வாகத் தெரியலாம். அதைத் தவிர்க்கப் பிரதிநிதி ஒரு நாளில் சுற்றிவரும் வழித்தடத்தை, வணிகத்தில் பீட் எனப்படுவதை, முழுமையாகக் குலுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அறுபது கடைகள் என்பது ஆறோ ஏழோ பீட்களாகச் சுருங்கிவிடும். அறுபது தனித்தனிச் சான்றுகள் இருப்பதாகப் பாவித்துப் பிழை வரம்பைக் கணிப்பது செல்லாது. இரண்டாவது, தட்டு உண்மையில் இருந்ததா என்பது. கிளைம் கேட்பதற்குப் படம் வேண்டும். ஆகவே படம் எடுக்கும் நாளில் தட்டு மிக அழகாக இருக்கும். மறுநாள் அங்கே ஷாம்பு சரங்கள் தொங்கும். முன்னறிவிப்பின்றி ஒரு மாதத்தில் இருமுறை சென்று பார்த்தால்தான், தோற்றது டிஸ்ப்ளேயா, டிஸ்ப்ளே நடக்கவேயில்லையா என்று பிரித்தறியலாம்.

குலுக்கலுக்கு வணிகர்கள் உடன்படமாட்டார்கள், தொகை பெறாத கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்பது வழக்கமான மறுப்பு. அதில் உண்மை உண்டு. ஆனால் எந்த நிறுவனமும் ஒரே நாளில் நாடு முழுவதும் தட்டு வைப்பதில்லை. பணமும் ஆளும் போதாது. எப்படியும் சில கடைகளுக்கு ஜூலையிலும் சிலவற்றுக்கு அக்டோபரிலும்தான் கிடைக்கப்போகிறது. யாருக்கு ஜூலை என்பதைப் பிரதிநிதியின் நட்பு தீர்மானிப்பதற்குப் பதில் சீட்டு தீர்மானிக்கட்டும். அக்டோபர்க் கடைகள் மூன்று மாதம் ஒப்பீட்டுக் கடைகளாக இருந்துவிட்டுப் பின்னர் தொகையைப் பெறும்.

எல்லாச் சலுகையும் வீண் என்பது இவ்வாதத்தின் பொருளன்று. இதுவரை ஒரு பொருளை வைத்திராத கடையில் முதன்முறையாக அதை வைக்கச் செய்யும் சலுகை உண்மையான உயர்வைத் தரக்கூடும். அதைச் சோதிக்கும் முறையும் எளிது: சலுகை முடிந்தபின் அக்கடை இரண்டாம் முறை, மூன்றாம் முறை முழு விலையில் பில் போட்டதா என்று பார்க்க வேண்டும். முதல் பில்லைக் கொண்டாடி மூன்றாம் பில்லைத் தேடாத அறிக்கையை நம்ப வேண்டியதில்லை.

சலுகையே இல்லாத மாதம் ஆண்டில் ஒன்றுகூட இல்லாமற் போவது இதைவிடக் கடினமான தடை. ஆபிரகாமும் லோடிஷும் 1987-இல் வெளியிட்ட புரொமோட்டர் என்னும் முறை, சலுகையின் பாதிப்புப் படாத காலங்களின் விற்பனையைக் கொண்டு அடிப்படை அளவைக் கணித்து, அதற்கு மேலெழுந்ததை மட்டுமே சலுகையின் கணக்கில் எழுதியது. தாம் ஆராய்ந்த அமெரிக்க வணிகச் சலுகைகளுள் 16 சதவீதமே இலாபம் ஈட்டின என்று அவ்விருவரும் 1990-இல் எழுதினர். மாதந்தோறும் ஏதேனும் ஒரு ஸ்கீம் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அம்முறைக்கு நிற்க நிலமில்லை. அடிப்படை என்று நாம் கொள்ளும் 1000 பெட்டியே, அடுத்த சலுகைக்காகக் காத்திருக்கும் வணிகரின் 1000 ஆகிவிடுகிறது. அத்தகைய தரவை எந்தச் சமன்பாட்டாலும் மீட்க முடியாது. சில ஊர்களில் ஒரு காலாண்டேனும் சலுகையை நிறுத்தி வைத்தால்தான் தெரியும்.

தொகை எவ்வளவு என்பதை மறைக்க இயலாது என்பது ஆய்வாளர்களுக்கு ஒரு வாய்ப்பு. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கணக்கியல் தரம் 115, வாடிக்கையாளராகிய வணிகருக்குக் கொடுக்கும் தொகையை, அதற்கு ஈடாகத் தனித்த ஒரு சேவை கிடைக்காதவரை, வருவாயிலிருந்து கழிக்கச் சொல்கிறது. ஒப்பந்த விலைக்கும் அறிவிக்கும் வருவாய்க்கும் இடையிலான வேறுபாட்டைக் குறிப்பில் காட்டவும் சொல்கிறது. ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில், தள்ளுபடிகள், ஊக்கத்தொகைகள் என்ற ஒரு வரியில் அது கிடக்கிறது. அந்த வரியைப் பல ஆண்டுகளுக்குத் தொகுத்து, மார்ச் காலாண்டின் வருவாயையும் ஜூன் காலாண்டின் வருவாயையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஒரு முதுகலை மாணவர், இருநூறு வினாப்பட்டியல்களை நிரப்புபவரைவிட அதிகம் அறிவார்.

நாக்பூர் விநியோகஸ்தரின் கதை மே மாதத்தோடு முடியவில்லை. அடுத்த ஆண்டுக்கான இலக்கை எழுதுவோர் முந்தைய மார்ச்சின் எண்ணைத்தான் எடுத்துக்கொள்வர்: 1500. அதன்மேல் பத்து சதவீத வளர்ச்சி சேர்த்து 1650 என்று இலக்கு வரும். அவருடைய கடைகளில் மாதம் 1000 பெட்டிக்குத்தான் வாய்கள் இருக்கின்றன. பிப்ரவரி கடைசியில் பிரதிநிதி வந்து, இவ்வாண்டு பெட்டிக்கு 60 ரூபாய் தருகிறார்களாம் என்பார்.